ஆறு லட்ச ரூபாய் பேங்க் கேரண்டி: கமிஷனிலிருந்து இன்வோக் ஆகும்வரை ஒரு சிறு ஒப்பந்ததாரரின் கணக்கு

ஒப்பந்ததாரர் சொன்னபடி செய்யாவிட்டால் பணம் தருவதாக வங்கி எழுதிக்கொடுக்கும் பேங்க் கேரண்டியை, சிறு ஒப்பந்ததாரர்கள் பலரும் டெண்டர் ஃபைலில் வைக்கவேண்டிய இன்னொரு தாளாகத்தான் பார்க்கிறார்கள். கமிஷன் எவ்வளவு என்று மேனேஜரிடம் கேட்பார்கள், கட்டுவார்கள், ஸ்டாம்ப் பேப்பரை வாங்கி அலுவலகத்தில் கொடுப்பார்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பதை, கேரண்டி இன்வோக் ஆகிற, அதாவது அலுவலகம் வங்கியிடம் அந்தப் பணத்தைக் கேட்கிற அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிப்பார்கள். ஒப்பந்ததாரர்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்துக்கொடுக்கும் தொழிலில் இருப்பதால், இப்படி ஒரு கேஸை ஆரம்பத்திலிருந்து பின்தொடரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆளும் அலுவலகமும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணக்குப் போட வசதியாகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

வேலை, தென்மாவட்டம் ஒன்றில் மத்திய அரசு நிறுவனத்தின் வளாகத்துக்குள் சுற்றுச்சுவரும் உள்சாலையும். ஒப்பந்த மதிப்பு 1 கோடியே 20 லட்சம். காலக்கெடு 9 மாதம். அதன்பின் 12 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். டெண்டர் போடும்போது கட்டவேண்டிய முன்வைப்புத்தொகையான இஎம்டியை அவர் பணமாகவே கட்டிவிட்டார். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் இஎம்டி வேண்டாமே என்று பலர் கேட்பார்கள். அந்தச் சலுகை பொருள் சப்ளைக்கும் சேவைக்கும்தான்; கட்டுமான ஒப்பந்த வேலைக்குப் பொருந்தாது.

வேலை அவருக்குக் கிடைத்தது. ஏற்புக் கடிதம் வந்த கையோடு, ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதத்துக்கு, அதாவது 6 லட்சத்துக்கு, வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு உறுதியாக, பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி என்ற பேங்க் கேரண்டி கொடுக்கச் சொன்னார்கள். எல்லாக் கடமையும் முடிந்த பிறகும் 60 நாள் அது செல்லுபடியாக இருக்கவேண்டும். 9 மாதம், 12 மாதம், அதோடு 2 மாதம். மொத்தம் 23 மாதம்.

வங்கி சொன்ன இரண்டு வழிகள்

அவருக்கு அந்தக் கிளையில் கரண்ட் அக்கவுண்ட் மட்டும்தான் இருந்தது, இவ்வளவுவரை நம்பிக் கொடுக்கலாம் என்று வங்கி முன்பே குறித்த லிமிட் எதுவும் கிடையாது. மேனேஜர் இரண்டு வழி சொன்னார். முதல் வழி, 6 லட்சத்தையும் எஃப்டியாகப் போட்டு, எடுக்க முடியாதபடி அதன்மேல் லீன் போட்டுவிடுவது. வங்கிக்கு ரிஸ்க் இல்லை என்பதால் கமிஷனில் கால் பங்கு மட்டும் வாங்குவார்கள். இரண்டாவது வழி, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்து, எம்ஓடி பதிவு செய்து ஒரு கேரண்டி லிமிட் வாங்குவது. அப்போது 25 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் மட்டும் மார்ஜினாக எஃப்டியில் முடங்கும். ஆனால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் முழுக் கமிஷன்.

கமிஷன் கணக்குக்குள் போகுமுன், 23 மாதம் எப்படி 35 மாதமாக மாறியது என்பதைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கேரண்டியின் கடைசிப் பத்தியிலும் 'மேற்கண்டவை எப்படி இருந்தபோதிலும்' என்ற பொருளில் தொடங்கும் மூன்று வரிகள் இருக்கும். ஒன்று, வங்கியின் பொறுப்பு இத்தனை ரூபாய்க்கு மேல் இல்லை. இரண்டு, இந்தக் கேரண்டி இன்ன தேதிவரை செல்லும். மூன்று, இன்ன தேதிக்குள் எழுத்துமூலம் கிளெய்ம் வந்தால்தான் பணம். இந்த மூன்றாவது தேதிதான் கிளெய்ம் பீரியட். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 2013ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கிளெய்ம் காலத்தை ஓராண்டுக்குக் குறைவாக வைத்தால் பொறுப்பு முடிகிற ஷரத்து செல்லாமல் போகும் என்று வங்கிகள் எடுத்துக்கொண்டு, 12 மாதம் சேர்ப்பதை வழக்கமாக்கின. இது கட்டாயமில்லை என்று டில்லி உயர் நீதிமன்றம் 2021ல் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் நம்மவரின் வங்கி சேர்த்தது. அந்த 12 மாதத்துக்கும் கமிஷன் உண்டு, மார்ஜினும் அதுவரை வெளியே வராது.

ஆக 35 மாதம். கமிஷனைக் காலாண்டுக் கணக்கில் போடுவதால் 12 காலாண்டு, முழுசாக மூன்று வருடம். இரண்டாவது வழியில் ஆண்டுக்கு 15,000 வீதம் 45,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 8,100, சேர்த்து 53,100. முதல் வழியில் 11,250, ஜிஎஸ்டியோடு 13,275. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் வழிதான் மலிவு. அவரும் அதைத்தான் எடுக்கப் பார்த்தார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான்: சிமெண்ட், கம்பி வாங்க வெளியே எந்த வட்டிக்குப் பணம் எடுக்கிறீர்கள்? மாதம் இரண்டு வட்டி என்றார். அப்படியானால் 6 லட்சம் எஃப்டியில் முடங்கினால், அதே 6 லட்சத்தை அவர் வெளியே மாதம் 12,000 வட்டிக்கு எடுக்கவேண்டியிருக்கும். எஃப்டி ஆறரை சதவீதத்தில் மாதம் 3,250 கொடுக்கும். மாதாமாதம் 8,750 நஷ்டம், 35 மாதத்துக்கு 3 லட்சத்து 6 ஆயிரம். இரண்டாவது வழியில் ஒன்றரை லட்சம் மட்டும் முடங்குவதால் இந்த நஷ்டம் சுமார் 76,500. வக்கீல் ஒப்பினியன், வேல்யுவேஷன், எம்ஓடி பதிவு எல்லாம் சேர்த்து 28,000 ஆனது. கமிஷனையும் கூட்டினால் மொத்தம் 1 லட்சத்து 58 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் வழியோ 3 லட்சத்து 19 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

கேரண்டிக்கான செலவு கமிஷன் ரசீதில் இருப்பது மட்டும் அல்ல, மார்ஜின் எத்தனை மாதம் முடங்குகிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அவர் ரேட் போட்டபோது கேரண்டிக்கு என்று ஒதுக்கியது 60,000 மட்டுமே. மீதி ஒரு லட்சம் அவருடைய லாபத்திலிருந்து போகவேண்டியதுதான். ஜிஎஸ்டி 8,100ஐ மட்டும் இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கொள்ள முடிந்தது.

இரண்டாவது வழியையே எடுத்தார். லிமிட் இருந்தால் அடுத்த டெண்டருக்கும் உதவும் என்பது நியாயமான காரணம். ஆனால் அதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 6 லட்சம் கேரண்டியில் ஒன்றரை லட்சம்தான் அவர் பணம். மீதி நாலரை லட்சத்துக்கு வங்கி அவரை நம்பியிருக்கிறது, அவருடைய வீட்டை வைத்து. கேரண்டி இன்வோக் ஆனால் அந்த நாலரை லட்சம் அன்றைக்கே கடனாக மாறும். கேரண்டி வாங்கும் நாளில் கையெழுத்துப் போடும் கவுண்டர் கேரண்டி என்ற தாளில் இதைத்தான் ஒப்புக்கொள்கிறோம்: வங்கி கொடுக்கிற எந்தத் தொகையையும் கேள்வி கேட்காமல் திருப்பித் தருவேன், அதை என் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளலாம்.

வேலை நின்ற கதை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாலை போகவேண்டிய இடத்தில் பழைய குடோன் ஒன்று இருந்தது. அதைக் காலிசெய்து இடத்தை ஒப்படைக்க 70 நாள் ஆனது. அடுத்து மழை. ஒன்பதாவது மாத முடிவில் 62 சதவீத வேலை முடிந்திருந்தது. காலநீட்டிப்பு கேட்டு அவர் எழுதவில்லை. வாரம் இரண்டு முறை இளநிலைப் பொறியாளரான ஜேஇயிடம் நேரில் சொன்னார், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். தளத்தில் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கவேண்டும். இடம் கிடைக்காத நாள், வரைபடம் வராத நாள் எல்லாம் அதில் ஏறி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் புத்தகம் அங்கே திறக்கப்படவே இல்லை. பொறியாளர் மாறினார். புதிதாக வந்தவரின் ஃபைலில் இருந்தது காலக்கெடு தேதியும் 62 சதவீதமும் மட்டும்தான். ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் வந்தது, இவர் ஒரு பக்கத்தில் பதில் எழுதினார், பன்னிரண்டாவது மாதம் ஒப்பந்தம் ரத்தானது.

ரத்துக் கடிதத்தின் கடைசி வரியில், பெர்ஃபார்மன்ஸ் கேரண்டியும் பில்களில் பிடித்த செக்யூரிட்டி டெபாசிட்டும் பறிமுதல் செய்யப்படுகின்றன என்று இருந்தது.

இன்வோக் ஆன வாரம்

மேனேஜர் போன் செய்தார். "சார், உங்க கேரண்டிக்கு கிளெய்ம் லெட்டர் வந்திருக்கு. ஆறு லட்சமும் கேட்டிருக்காங்க." இவர் கிளைக்கு ஓடினார். "இடத்தையே எழுபது நாள் கழிச்சுதான் குடுத்தாங்க சார். பாதிக்கு மேல முடிச்சாச்சு. நீங்க எப்படிப் பணத்தக் குடுப்பீங்க?" மேனேஜர் கேரண்டி நகலை எடுத்து மேசையில் வைத்தார். "அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ளது சார். நாங்க எழுதிக் குடுத்தது இதுதான்."

அந்தத் தாளில் இருந்தது இதுதான்: ஒப்பந்ததாரரிடமிருந்து வரவேண்டிய அல்லது வரவேண்டியிருக்கக்கூடிய தொகைக்காக இந்தப் பணம் தேவை என்று அரசுத் தரப்பு எழுதிக் கேட்டாலே, வங்கி மறுப்பேதும் சொல்லாமல் கொடுக்கும். ஒப்பந்ததாரர் தகராறு எழுப்பியிருந்தாலும், வழக்கு நிலுவையில் இருந்தாலும் கொடுக்கும். 'வரவேண்டியிருக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். நஷ்டம் நிரூபிக்கப்படவேண்டும் என்றுகூட இல்லை. யார் மேல் தப்பு என்று பார்ப்பது வங்கியின் வேலையே இல்லை. இன்வோக் ஆன கேரண்டிக்குத் தாமதமின்றிப் பணம் கொடுக்கவேண்டும் என்றுதான் ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது.

வங்கி பார்ப்பது நாலைந்து விஷயம்தான்: கிளெய்ம் தேதிக்குள் வந்ததா, சரியான கிளைக்கு வந்ததா, கேட்ட தொகை வரம்புக்குள் இருக்கிறதா, தாளில் சொன்ன வாசகம் கடிதத்தில் இருக்கிறதா, தாளில் சொன்ன அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறாரா. இந்தக் கடைசிக் கேள்வியில் முதல் கடிதம் நின்றது. கேரண்டியில் செயற்பொறியாளர் என்று இருந்தது. கடிதத்தில் அவருக்குப் பதிலாக உதவிப் பொறியாளர் கையெழுத்திட்டிருந்தார். வங்கி திருப்பி அனுப்பியது.

இது சின்ன விஷயமல்ல. 1999ல் இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்துக்கும் பீகார் அரசுக்கும் நடந்த வழக்கில், கேரண்டியில் தலைமைப் பொறியாளர் என்று இருக்க, செயற்பொறியாளர் இன்வோக் செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேரண்டிக்கு இன்னும் காலம் இருக்கும்போது இந்தத் தவறு இரண்டு மூன்று நாள் அவகாசம்தான் தரும். கிளெய்ம் தேதியின் கடைசி நாளில் இதே தவறு நடந்திருந்தால் கதை வேறு. இங்கே கிளெய்ம் தேதிக்கு இன்னும் 23 மாதம் இருந்தது. சரியான கையெழுத்தோடு இரண்டாம் கடிதம் இரண்டு வேலை நாளில் வந்துவிட்டது.

அந்த இரண்டு நாளில் அவர் வக்கீலைப் பார்த்தார். மத்தியஸ்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடைக்காலத் தடை கேட்கலாமா என்பதுதான் கேள்வி. கேட்கலாம், ஆனால் கிடைப்பது அபூர்வம். 1987ல் உத்தரப்பிரதேச கூட்டுறவு சம்மேளன வழக்கு தொடங்கி உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது, நிபந்தனையற்ற கேரண்டிக்குத் தடை தர இரண்டே காரணம் உண்டு என்பது. ஒன்று, பயனாளி தரப்பில் அப்பட்டமான மோசடி, அதுவும் வங்கிக்குத் தெரிந்த அளவில். மற்றது, பிறகு எந்த வழியிலும் ஈடுகட்ட முடியாத அநீதி. இடம் தாமதமாகக் கொடுத்தது ஒப்பந்தத் தகராறு, மோசடி அல்ல. எதிர்த் தரப்பு அரசு நிறுவனம். ஜெயித்தால் பணம் திரும்ப வரும் என்பதால் ஈடுகட்ட முடியாத நிலை என்றும் சொல்ல முடியாது. வக்கீல் இதை ஒளிக்காமல் சொல்லி, கோர்ட் செலவை மிச்சப்படுத்தச் சொன்னார். அதைவிட முக்கியமாக இன்னொன்று கேட்டார்: அந்தக் கரண்ட் அக்கவுண்டில் யாருக்காவது செக் கொடுத்திருக்கிறீர்களா?

கொடுத்திருந்தார். சிமெண்ட் கடைக்கு ஒன்று, கம்பிக் கடைக்கு ஒன்று. இன்வோக் ஆனதும் வங்கி கணக்கில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்; கிளியரிங் வரும் செக் திரும்பும். செக் திரும்பினால் வழக்குப் போட இடம்தரும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு என்பது தனித் தலைவலி. சிமெண்ட் கடைக்காரரிடம் பேசி செக்கைப் போடாமல் நிறுத்திவிட்டார். கம்பிக் கடை செக் அதற்குள் கிளியரிங்கில் போய்விட்டது, திரும்பியது. அந்தக் கடைக்காரருக்கு உடனே பணமாகக் கொடுத்ததால் நோட்டீஸ்வரை போகவில்லை.

வங்கி 6 லட்சத்தைக் கொடுத்தது. மார்ஜின் எஃப்டி வட்டியோடு 1,59,750 இருந்தது, அதை முடித்தார்கள். கரண்ட் அக்கவுண்டில் இருந்த 38,000 போனது. மீதி 4,02,250 அவர் பேரில் பற்றாக நின்றது, 14 சதவீத வட்டியில், மாதம் சுமார் 4,700. மூன்று வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிய கமிஷனில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இந்தப் பற்று 90 நாளுக்குள் அடையாவிட்டால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். அதன்பின் வீட்டுப் பத்திரத்தின் மேல் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். டெண்டருக்குத் தேவையான, பணவசதியைக் காட்டும் சால்வன்சி சான்றிதழைக்கூட எந்த வங்கியும் தராது. வீட்டில் இருந்த நகையை வேறு வங்கியில் வைத்து, இரண்டாவது மாதத்தில் முழுசாக அடைத்தார். என்பிஏ ஆகவில்லை. ஆனால் இன்வோக் ஆன விவரம் கமர்ஷியல் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறியது. லிமிட்டை வங்கி நிறுத்திவைத்தது. அப்போது அவர் போட்டிருந்த இன்னொரு டெண்டருக்கு கேரண்டி கொடுக்க முடியாமல் அந்த வேலை கைவிட்டுப் போனது. இனிப் போடும் டெண்டர்களில், ஏதாவது ஒப்பந்தம் ரத்தானதா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுதவேண்டும். மறைத்தால் அதற்கே தடைப்பட்டியல்.

பணம் திரும்பக் கிடைக்கும் வழி

தடை வாங்க முடியாது என்பதும் பணம் போனது போனதுதான் என்பதும் ஒன்றல்ல. 2015ல் கைலாஷ் நாத் நிறுவனத்துக்கும் டில்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யவும் நஷ்டம் ஏற்பட்டிருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நஷ்டத்தை நிரூபிக்கவே முடியாத தன்மையுள்ள ஒப்பந்தம் என்றால் மட்டும், முன்பே குறித்த தொகை நியாயமான மதிப்பீடாக இருக்கும்பட்சத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே ரத்து சரியா, நஷ்டம் எவ்வளவு என்ற இரண்டையும் மத்தியஸ்தர் முன் கேட்கலாம்.

ரத்தான மறுநாளே அவர் செய்த ஒரு காரியம்தான் இப்போது கைகொடுக்கிறது. புது ஒப்பந்ததாரர் உள்ளே வருமுன் கூட்டு அளவீடு கேட்டுப் பதிவுத்தபாலில் எழுதினார். தேதி குறித்து வந்தார்கள். சுவரின் நீளம், சாலையின் ஒவ்வொரு அடுக்கின் தடிமன் எல்லாம் அளவுப் புத்தகத்தில் ஏறின. அவர் தரப்பில் வீடியோவும் எடுத்தார்கள். அந்த வாய்ப்பு போயிருந்தால் 62 சதவீதம் என்பதையே நிரூபிக்க முடிந்திருக்காது. ஜேஇக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்திருக்கிறார். 70 நாள் தாமதத்துக்கு இருக்கும் ஆதாரம் இப்போதைக்கு அதுதான். அன்றைக்கே எழுதிய ஒரு கடிதம் இருந்திருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். கோரிக்கையில் கேரண்டித் தொகை 6 லட்சம், பில்களில் பிடித்த இரண்டரை சதவீத டெபாசிட், பாஸ் ஆகாத கடைசி பில் மூன்றும் இருக்கின்றன. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கிடையே 45 லட்ச ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்தது. அங்கே கேட்ட செக்யூரிட்டி 3 சதவீதம், 1 லட்சத்து 35 ஆயிரம். அந்த டெண்டரில் பேங்க் கேரண்டிக்குப் பதிலாகத் துறையின் பேரில் அடகு வைத்த எஃப்டி ரசீதும் ஏற்கப்படும் என்று இருந்தது. அதையே கொடுத்தார். கமிஷன் கிடையாது, கிளெய்ம் பீரியட் கிடையாது; பறிமுதல் ஆனாலும் அந்தத் தொகையோடு முடியும், வங்கிக் கடனாக வளராது. தள ஒப்படைப்பு ஒரு வாரம் தள்ளியபோது, அன்று மாலையே கடிதம் எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவந்தார்.